டிப்ஸ் பெட்டியில் குசினிக்குப் பங்கு உண்டா?

லாச்சி | 2 செப்டெம்பர் 2025, இரவு 10.40

கிளிநொச்சிப் பக்கம் ஏ9 ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கசியராக இருக்கிறேன். முன்பக்கம் சாதாரண மேசைகள். பஸ்ஸில் வருகிறவர்கள் இருபது நிமிடத்தில் விழுங்கிவிட்டு ஓடுவார்கள். பின்பக்கம் ஏசி அறை. வெளிநாட்டில் இருந்து வந்து வான் பிடித்துப் போகிற குடும்பங்கள் அங்கேதான் இருப்பார்கள். டிப்ஸ் வருவதும் அங்கேதான். முன்பக்கத்தில் மிஞ்சினால் இருபது ரூபா.

முந்தி அவரவருக்குக் கிடைத்தது அவரவருக்கு. அதனால் ஏசி அறைக்குள் நிற்பதற்கே அடிபாடு. சித்திரையில் இருந்து பொதுப் பெட்டி வைத்து, மாதக் கடைசியில் எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கிறோம். குசினிக்கும் சேர்த்து. போன மாதம் நல்லூர்த் திருவிழாக் கூட்டம், பெட்டியில் 46,800 ரூபா. ஏழு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 6,685. பிரித்து முடிய முதல் சண்டை தொடங்கிவிட்டது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். குசினிக்குப் பங்கு தேவையில்லை. ஆட்களின் முகத்துக்கு முன்னால் நிற்பது வெயிட்டர். பேச்சு வாங்குவதும் வெயிட்டர். பெரிய கோக்கியின் சம்பளம் வெயிட்டரின் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பிறகு அவருக்கு என்னத்துக்கு டிப்ஸ்?

கொத்துமேடை | 2 செப்டெம்பர், இரவு 11.15

லாச்சி அண்ணை, ரோட்டில் போகிற வான் ஏன் உங்கள் கடையில் நிற்கிறது? உங்கள் பெடியன்கள் போட்டிருக்கிற சேர்ட்டைப் பார்த்தா? கொத்து அடிக்கிற சத்தம் கேட்டுத்தான் நிற்கிறது. நான் வவுனியாவில் அடிக்கிறேன். எங்கள் கடையில் குசினிக்குச் சதமும் இல்லை. சாப்பிட்டவர் "கொத்து திறம்" என்று சொல்லி வெயிட்டரின் கையில் 500 வைப்பார். எனக்கு அந்த "திறம்" மட்டும் வந்து சேரும்.

ஓமந்தையான் | 3 செப்டெம்பர், காலை 6.02

இந்தப் பங்குப் பிரச்சினை எங்களுக்கும் இருக்கிறது. நான் தூர பஸ்ஸில் கொண்டக்டர். பஸ்ஸை நிற்பாட்டுகிற கடையில் எனக்கும் டிரைவருக்கும் சாப்பாடு இலவசம். ஆனால் டிரைவருக்குத் தனியாக ஏதோ ஒரு பாசலும் போகிறது. அதில் எனக்குப் பாதி தர வேண்டுமா இல்லையா?

லாச்சி | 3 செப்டெம்பர், காலை 9.30

தம்பி, அது வேறு கணக்கு. பஸ்ஸைக் கொண்டுவந்து நிற்பாட்டுவதற்கு முதலாளி கொடுக்கிற கூலி அது, சாப்பிட்டவர் கொடுக்கிற சந்தோசம் இல்லை. பாசலுக்குள் என்ன என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

தறாசு | 4 செப்டெம்பர், மாலை 4.20

நான் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் பதினோரு வருடம் கணக்குப் பகுதியில் இருந்தவள். இப்போது புதுக்குடியிருப்பில் வீட்டோடு இருக்கிறேன்.

சண்டை குசினியால் வந்தது என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஏழு பேரும் அந்த மாதம் ஒரே அளவு நாட்கள் வேலை செய்தார்களா? முதலில் அதைச் சொல்லுங்கள். பெட்டியைத் திறந்து எண்ணியது யார்? அதையும் சொல்லுங்கள்.

லாச்சி | 4 செப்டெம்பர், இரவு 11.05

இல்லை அக்கா. ஒரு வெயிட்டர் தங்கச்சியின் கலியாணத்துக்குப் போய் 15 நாள்தான் வந்தார். மற்ற இருவரும் 26 நாள். சண்டையை அவர்கள்தான் தொடங்கினார்கள், நீங்கள் கேட்டது சரி.

எண்ணியது நான். தனியாகத்தான். திறப்பும் என்னிடம்தான். ஏன் கேட்கிறீர்கள் என்று விளங்குகிறது.

தறாசு | 5 செப்டெம்பர், பகல் 2.10

உங்களைக் கள்ளன் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் தனியாக எண்ணுகிற பெட்டியைப் பற்றிக் கதை வந்தே தீரும். இரண்டு பூட்டுப் போடுங்கள். ஒரு திறப்பு வெளியில் நிற்கிறவரிடம், மற்றது குசினியில். கிழமைக்கு ஒருதரம் இரண்டு பேருமாகத் திறந்து எண்ணி, கொப்பியில் தொகை எழுதி, இருவரும் கையெழுத்து வையுங்கள். மாதம் முடியும்வரை பெட்டியை நிரம்பவிடாதீர்கள்.

பிரிப்பதற்கு நாங்கள் செய்தது புள்ளி முறை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புள்ளி. அதை வேலை செய்த நாட்களால் பெருக்குங்கள். எல்லோருடையதையும் கூட்டினால் மொத்தப் புள்ளி வரும். பெட்டிக் காசை அதனால் பிரித்தால் ஒரு புள்ளிக்கு எத்தனை ரூபா என்று தெரிந்துவிடும். லீவு எடுத்தவரோடு யாரும் சண்டை பிடிக்கத் தேவையில்லை, நாட்களே கழித்துவிடும். உங்கள் ஏழு பேரின் நாட்களையும் போடுங்கள், பார்ப்போம்.

லாச்சி | 7 செப்டெம்பர், இரவு 10.50

நானே போட்டுப் பார்த்தேன். வெயிட்டருக்கு 4 புள்ளி, கோக்கிக்கும் கொத்துக்காரருக்கும் 3, குசினி உதவிக்கும் கோப்பை கழுவுகிற அக்காவுக்கும் 2.

வெயிட்டர் இருவர், 26 நாள்: தலைக்கு 104.
கலியாணத்துக்குப் போனவர், 15 நாள்: 60.
பெரிய கோக்கி, 26 நாள்: 78.
கொத்துக்காரர், 24 நாள்: 72.
உதவிப் பெடியன், 26 நாள்: 52.
கோப்பை அக்கா, 25 நாள்: 50.

எல்லாம் சேர்த்து 520. பெட்டியில் 46,800. ஒரு புள்ளிக்குச் சரியாக 90 ரூபா. முழு மாதமும் நின்ற வெயிட்டருக்கு 9,360, கலியாணக்காரருக்கு 5,400, கோக்கிக்கு 7,020, கொத்துக்காரருக்கு 6,480, பெடியனுக்கு 4,680, அக்காவுக்கு 4,500.

கொடுத்த காசைத் திருப்பி வாங்க முடியாது. ஆனால் இந்தக் கடுதாசியைக் காட்டியதும் வெயிட்டர்கள் இரண்டு பேரின் முகமும் விரிந்துவிட்டது. கலியாணக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கே 6,685 வாங்கியது ஒரு மாதிரியாக இருந்திருக்கிறது.

கொத்துமேடை | 7 செப்டெம்பர், இரவு 11.40

பொறுங்கள். எல்லோருக்கும் நியாயம் நடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சமமாகப் பிரித்தபோது அக்காவுக்கு 6,685 கிடைத்தது. உங்கள் புள்ளியால் அது 4,500 ஆகிவிட்டது. கலியாணத்துக்குப் போனவரிடம் எடுக்க வேண்டியதைக் கோப்பை கழுவுகிறவரிடமும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள்.

லாச்சி | 9 செப்டெம்பர், காலை 8.15

இரண்டு நாளாக இதைத்தான் யோசித்தேன். முதல் குறிப்பில் "குசினி" என்று ஒரே ஆளைப் போல எழுதிவிட்டேன். என் மனதில் இருந்தது பெரிய கோக்கி. கோப்பை அக்காவின் அடிப்படைச் சம்பளம் 27,000. 2025 ஏப்ரலில் நாட்டின் ஆகக் குறைந்த சம்பளத்தை அவ்வளவாக்கினார்கள், அதனால் அவ்வளவு. வெயிட்டருக்கு அவரை விடக் கூட. "சம்பளம் கூடினவருக்கு டிப்ஸ் ஏன்" என்று கேட்டது நான்தான். அந்தக் கேள்வியை நேராகப் பிடித்தால் அக்காவுக்குத்தான் கூட வர வேண்டும்.

அக்காவின் புள்ளியை 3 ஆக்கிப் பார்த்தேன். மொத்தம் 545, ஒரு புள்ளி ஏறக்குறைய 85 ரூபா 87 சதம். முழு மாத வெயிட்டருக்கு 9,360இல் இருந்து சுமார் 430 ரூபா குறைகிறது. அக்காவுக்கு 1,940 கூடுகிறது. ஒரு கொத்துக் காசு குறைய, அங்கே ஒரு மாதக் கரண்ட் பில் கட்டுப்படும்.

வெயிட்டர்களிடம் சொன்னேன். ஒருவர் சரி என்றார். மற்றவர் "அப்ப பெடியனுக்கும் 3 போடு என்று நாளைக்குச் சொல்லுவியள்" என்றார். சொல்லத்தான் இருந்தேன்.

விசாரணை | 10 செப்டெம்பர், மாலை 6.30

இவ்வளவு கஷ்டம் எதற்கு? பில்லில் 10 வீதம் சேவிஸ் சார்ஜ் போட வேண்டியதுதானே? அது எப்படியும் அரசாங்க வரிதான், கொழும்பில் எல்லா இடத்திலும் போடுகிறார்கள். ஆனால் இந்தியாவில் அதைத் தடை செய்துவிட்டார்கள் என்றும் படித்தேன். அப்படியென்றால் இங்கேயும் சட்டவிரோதமாக இருக்க வேண்டும்.

தறாசு | 10 செப்டெம்பர், இரவு 8.45

வரியும் என்கிறீர்கள், சட்டவிரோதமும் என்கிறீர்கள். தம்பி, வற் என்பது வரி. 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம், இறைவரித் திணைக்களத்துக்குப் போகும், பதிவு செய்த கடைதான் அறவிடலாம். சேவிஸ் சார்ஜ் கடை போடுகிற கட்டணம். அரசாங்கத்துக்குப் போகிற காசு இல்லை.

இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் அதிகாரசபை, ஹோட்டல்கள் அதைத் தாங்களாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று சொன்னது. இந்த வருடம் மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. அங்கேயும் விரும்பிக் கொடுப்பதற்குத் தடை இல்லை. டெல்லித் தீர்ப்பு பாக்கு நீரிணையைத் தாண்டி வராது.

குளிர்காலம் | 12 செப்டெம்பர், அதிகாலை 3.20

லண்டனில் இருந்து எழுதுகிறேன், குசினியில்தான் வேலை. சொந்த ஊர் பரந்தன். இங்கே போன வருடம் அக்டோபர் 1இல் இருந்து டிப்ஸுக்கென்று ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வாடிக்கையாளர் கொடுத்த டிப்ஸும் சேவிஸ் சார்ஜும் முழுதாக வேலையாட்களுக்குப் போக வேண்டும், முதலாளி வரி தவிர எதையும் கழிக்கக்கூடாது. காசு வந்த மாதத்துக்கு அடுத்த மாதம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். எப்படிப் பிரிக்கிறோம் என்று எழுதி வைக்க வேண்டும், கணக்கை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் குசினிக்கு எவ்வளவு என்று அந்தச் சட்டம் சொல்லாது. நியாயமாக இருக்க வேண்டும் என்று மட்டும்தான். என்னுடைய முந்திய இடத்தில் குசினிக்கு நூற்றுக்கு இருபது, இப்போதைய இடத்தில் நாற்பது. இரண்டுமே நியாயம் என்றுதான் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

லாச்சி | 28 செப்டெம்பர், இரவு 11.20

விசாரணைத் தம்பி, உங்கள் வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது. முதலாளியின் மச்சான் கனடாவில் இருந்து வந்து கடையில் பங்கு போட்டிருக்கிறார். ஒக்டோபர் 1இல் இருந்து ஏசி அறை பில்லில் 10 வீதம். எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். நூற்றுக்கு எழுபது உங்களுக்கு, முப்பது கோப்பை, கிளாஸ் உடைவுக்கும் யூனிபோமுக்கும். புள்ளிப்படி பிரிக்கலாமாம். அக்காவின் 3 புள்ளிக்கும் ஒத்துக்கொண்டார்.

செப்டெம்பர் பெட்டி 31,000. திருவிழா முடிந்ததும் விழுந்துவிட்டது.

தறாசு | 29 செப்டெம்பர், காலை 10.00

இரண்டு விசயம் பாருங்கள். பில் மெசினில் ஒவ்வொரு இரவும் கடை பூட்டும்போது அன்றைய மொத்தத்தைக் காட்டுகிற இசட் ரிப்போர்ட் எடுப்பீர்கள்தானே, அதில் சேவிஸ் சார்ஜ் தனியாக ஒரு வரிசையில் வரும்படி செய்யச் சொல்லுங்கள். அதைப் போனில் படம் எடுத்து எல்லோரும் இருக்கிற குறூப்பில் போடுங்கள். மாதக் கடைசியில் முதலாளி சொல்லுகிற தொகையும் முப்பது படங்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பில்லை அடித்துவிட்டுப் பிறகு ரத்துச் செய்த இடங்களைத் தேடுங்கள். எனக்குத் தெரிந்த வித்தியாசங்களில் பாதி அங்கேதான் கிடந்தது.

மற்றது, உடைவுக்கு வீதம் போட வேண்டாம் என்று கேளுங்கள். உடைந்ததை எண்ணிக் கழிக்கட்டும்.

கொத்துமேடை | 29 செப்டெம்பர், இரவு 11.55

எங்கள் கடையில் கார்ட் மெசினில் ஒருவர் ஆயிரம் ரூபா கூடப் போட்டுவிட்டு "பெடியன்களுக்கு" என்று சொல்லிப் போனார். காசு முதலாளியின் பாங்குக்குப் போனது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. பெடியன்கள் வளர்ந்துவிட்டார்கள்.

லாச்சி | 14 ஒக்டோபர், பகல் 3.30

சின்னக் குறிப்பு. நேற்று ஒரு பெரியவர் ஏசி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிற "10% சேவைக் கட்டணம்" கடுதாசியைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, கையில் சோற்றுக் கோப்பையோடு எழும்பி முன்பக்கம் வந்து பஸ்காரர்களோடு இருந்தார். வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டார். போகும்போது வெயிட்டரிடம் 200 கொடுத்தார். "இது நான் விரும்பித் தாறது" என்றார்.

லாச்சி | 3 நொவெம்பர், இரவு 11.30

ஒக்டோபர்க் கணக்கு. ஏசி அறை வியாபாரம் 7,60,000. பத்து வீதம் 76,000. படங்களின் கூட்டுத்தொகையும் அதேதான், அதில் பிழை இல்லை. முப்பது வீதம் 22,800 கழித்து எங்களுக்கு 53,200. பெட்டியில் 8,600 மட்டும். பில்லில் கட்டிவிட்டோம் என்று ஆட்கள் கையில் கொடுப்பதில்லை. எல்லாம் சேர்த்து 61,800. போன மாதம் 31,000. அப்போ இரண்டு மடங்கு. சந்தோசப்பட வேண்டியதுதானே?

இப்போது உடைவு. தறாசு அக்கா சொன்னதைக் கோப்பை அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவர் ஒன்றும் எழுதவில்லை. கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அரிசிச் சாக்கு வைத்து, உடைந்த ஒவ்வொன்றையும் அதற்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். முதலாம் திகதி மேசையில் பழைய பேப்பர் விரித்துச் சாக்கைக் கொட்டினார். உடைந்த துண்டுகளைப் பொருத்திப் பொருத்தி எண்ணினோம். கோப்பை 11, கிளாஸ் 6. கோப்பை 450 ரூபா, கிளாஸ் 180. மொத்தம் 6,030. அவர்கள் கழித்தது 22,800. யூனிபோம் இன்னும் கண்ணால் காணவில்லை.

குளிர்காலம் | 4 நொவெம்பர், அதிகாலை 2.45

இங்கே என்றால் அந்த 6,030ஐயும் கழிக்க முடியாது. ஆனால் அந்த அக்கா இங்கே இருந்திருந்தால் என்னுடைய பழைய முதலாளி பாவம்.

விசாரணை | 4 நொவெம்பர், காலை 7.10

எப்படிப் பார்த்தாலும் கூடத்தானே கிடைத்திருக்கிறது? பிறகு ஏன் அழுகிறீர்கள்?

லாச்சி | 5 நொவெம்பர், இரவு 10.15

தம்பி, எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஒக்டோபரில் ஆளுக்கு 3,000 ரூபா சம்பளம் கூட்டுவதாக ஆடியிலேயே சொல்லியிருந்தார்கள். சேவிஸ் சார்ஜ் வந்ததும் அது காணாமல் போய்விட்டது. ஏழு பேருக்கு 21,000. கூடக் கிடைத்தது 30,800. ஆக உண்மையில் கூடியது 9,800. அதுவும் முதலாளியின் பையில் இருந்து வரவில்லை, சாப்பிட்டவர்களின் பையில் இருந்து வந்தது.

சம்பளத்தில் 3,000 கூடினால் மாரியிலும் கோடையிலும் அது 3,000தான். மேலே சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்ட வேண்டும். அது ஆளுக்கு மாதம் 450. அடுத்த மாதம் மழை பிடித்தால் வான் குறையும், சேவிஸ் சார்ஜும் குறையும். திருவிழா வந்தால் கூடும். வீட்டு வாடகை அப்படி ஏறி இறங்குவதில்லை.

தறாசு | 6 நொவெம்பர், பகல் 1.20

சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கொழும்பிலும் இதுதான் நடந்தது. நல்ல மாதத்தில் எல்லோரும் சேவிஸ் சார்ஜைப் பார்த்துச் சம்பளத்தை மறந்துவிடுவோம். 2020இல் கொரோனாவுக்கு ஹோட்டல் பூட்டியபோது எங்களுக்கு மிஞ்சியது அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். அப்போதுதான் அந்த இலக்கம் எவ்வளவு சின்னது என்று பார்த்தோம்.

கொத்துமேடை | 6 நொவெம்பர், இரவு 11.50

எல்லாம் சரி. கணக்கெல்லாம் போடுகிற லாச்சி அண்ணை, ஏழு பேர் என்று எழுதுகிறீர்களே, உங்கள் பங்கு எங்கே?

லாச்சி | 7 நொவெம்பர், காலை 9.05

இதைக் கேட்பீர்கள் என்று பயந்துகொண்டுதான் இருந்தேன். பெட்டியில் எனக்குப் பங்கு இல்லை, நான் கேட்கவும் இல்லை. ஏனென்றால் எனக்கு வேறு வழி இருந்தது. சில்லறை இல்லை என்று டொபி கொடுப்போம்தானே. இரண்டு ரூபா, ஐந்து ரூபா. டொபியையும் வாங்காமல் போகிறவர்களின் காசு இரவு மேசை லாச்சியில் மிஞ்சும். மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வரும். அதை எடுப்பேன். எல்லாக் கசியரும் எடுப்பதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இந்த மாதத்தில் இருந்து அதையும் பெட்டியில் போடுகிறேன். எனக்கும் 2 புள்ளி கேட்டிருக்கிறேன். வெயிட்டர்கள் யோசிக்கிறார்களாம். யோசிக்கட்டும்.

லாச்சி | 9 நொவெம்பர், இரவு 11.10

முதலாளியிடம் மூன்று பேர் போய்க் கதைத்தோம். நான், மூத்த வெயிட்டர், கோப்பை அக்கா. பெரிய கோக்கி வரவில்லை. அடுப்பில் கறி இருக்கிறது என்றார். முப்பது வீதத்தைப் பத்தாக்குகிறார்களாம், மிச்சத்தை வருட முடிவில் பார்க்கலாமாம். 3,000 பற்றிக் கேட்டதும் கனடாக்காரர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாக்கு இன்னும் தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்றுவரை இரண்டு கோப்பை. அதில் ஒன்று கனடாக்காரர் தட்டிவிட்டது. அக்கா அதைத் தனியாக ஒரு பையில் முடிந்து வைத்திருக்கிறார்.